டார்கெட் காஸ்ட் 4,000, வாழ்நாள் செலவு 3,967: இடைவெளியே இல்லையே, பிறகு எதைக் குறைப்பது?

பின்வரிசை #1

வணக்கம். காஸ்டிங் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. ஒரு பயிற்சிக் கணக்கில் இரண்டு இரவாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். எண்களைச் சுருக்கித் தருகிறேன். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும்.

ஒரு நிறுவனம் கையில் பிடித்து லேபிள் அச்சடிக்கும் சிறிய பிரிண்டர் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரப் போகிறது. இன்னும் வடிவமைப்பே தொடங்கவில்லை. சந்தையில் நான்கு ஆண்டுகள் ஓடும் என்று கணிப்பு.

| ஆண்டு | எண்ணிக்கை | ஒன்றின் விலை |
|---|---|---|
| 1 | 10,000 | 5,000 |
| 2 | 25,000 | 4,500 |
| 3 | 20,000 | 4,000 |
| 4 | 5,000 | 3,200 |

செலவுகள் இவை. வடிவமைப்புக்கும் சோதனைக்கும் 240 லட்சம், மோல்டுக்கும் டூலிங்குக்கும் 150 லட்சம். இரண்டும் விற்பனைக்கு முந்தைய ஆண்டில். உற்பத்தியில் ஒன்றுக்கு 2,650, அதோடு ஆண்டுக்கு 30 லட்சம் நிலைச்செலவு. விளம்பரம் முதல் ஆண்டில் 90 லட்சம், இரண்டாவதில் 40, மூன்றாவதில் 20. வாரன்டி ஒன்றுக்கு 150. கடைசியில் பழைய கருவிகளைத் திரும்ப எடுப்பது, உதிரிபாகம் இருப்பு வைப்பது, லைனைக் கலைப்பது எல்லாம் சேர்ந்து 40 லட்சம். நிறுவனத்துக்கு விற்பனையில் 20 சதவீதம் லாபம் வேண்டும்.

நான் போட்டது இது. விலை 5,000, லாபம் 1,000 போனால் டார்கெட் காஸ்ட் 4,000. மொத்தச் செலவு 2,380 லட்சம், 60,000 கருவி, ஆக ஒன்றுக்கு 3,967. இலக்கைவிட 33 குறைவாகவே இருக்கிறது. ஆனால் அடுத்த கேள்வி "இடைவெளியைக் குறைக்க வடிவமைப்புக் குழு தந்த நான்கு யோசனைகளை ஆராய்க" என்கிறது. இல்லாத இடைவெளியை எப்படிக் குறைப்பது? கேள்வி தப்பா, நான் தப்பா?

வெயில்நேரம் #2

நீங்கள்தான் தப்பு. முதல் ஆண்டு விலையை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். விலை வருஷா வருஷம் இறங்குகிறதே. நான்கு விலையையும் கூட்டி நான்கால் வகுத்தால் 4,175. அதில் 80 சதவீதம் 3,340. இடைவெளி 627. முடிந்தது.

இன்னொன்று, டார்கெட் காஸ்டோடு உற்பத்திச் செலவை மட்டும்தான் ஒப்பிட வேண்டும். வடிவமைப்புச் செலவு போனது போனதுதான், அதைத் திரும்ப இழுக்கக் கூடாது.

பின்வரிசை #3

ஆனால் உற்பத்தி மட்டும் என்றால் 2,650, நிலைச்செலவு ஒன்றுக்கு 200, மொத்தம் 2,850தானே? உங்கள் 3,340க்கே அது உள்ளே வந்துவிடுகிறது. அப்போதும் இடைவெளி இல்லை. முன்னைவிட அதிகமாகக் குழம்புகிறேன்.

சிவப்புமை #4

19 வருஷம் தொழிற்சாலைகளில் காஸ்டிங் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வெயில்நேரம், நீங்கள் முதலில் சொன்னது பாதி சரி. இரண்டாவதாகச் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தாது.

முதலில் விலை. விலை இறங்குவதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் 5,000 விலைக்கு 10,000 கருவியும், 4,500 விலைக்கு 25,000 கருவியும் போகும்போது இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. கடைசி ஆண்டின் 3,200 வெறும் 5,000 கருவிக்கானது. அதற்கும் கால் பங்கு எடை கொடுத்ததால்தான் உங்கள் சராசரி கீழே போய்விட்டது. சராசரியே எடுக்காமல் மொத்தமாகப் பார்த்தால் குழப்பம் வராது:

```
விற்பனை = 500 + 1,125 + 800 + 160 = 2,585 லட்சம்
இலக்கு லாபம் 20% = 517
அனுமதிக்கக்கூடிய செலவு = 2,068
மதிப்பிட்ட செலவு = 2,380
இடைவெளி = 312 லட்சம், ஒன்றுக்கு 520
```

பின்வரிசை, உங்கள் 2,380 சரிதான். அதை 60,000 கருவிக்குப் பரப்பினீர்கள், ஆனால் விலையை மட்டும் முதல் 10,000 கருவியிலிருந்து எடுத்தீர்கள். ஒரு பக்கம் நான்கு ஆண்டு, இன்னொரு பக்கம் ஒரே ஆண்டு. அந்த 33 மிச்சம் அப்படி வந்ததுதான். ஒன்றுக்கான இலக்கு 4,000 அல்ல, 3,447.

அடுத்து, "போனது போனது". வடிவமைப்புச் செலவு போனதாக வேண்டுமானால் முதலில் அதைச் செலவழித்திருக்க வேண்டும். இங்கே இன்னும் தொடங்கவே இல்லையே. 240 லட்சத்தைச் செலவழிக்கலாமா வேண்டாமா என்பதுதான் இன்றைய கேள்வி. ஆகவே அது கணக்கில் வந்தே தீரும். மூன்று ஆண்டு கழித்து, கருவி சந்தையில் இருக்கும்போது இதே வாக்கியத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

உற்பத்திச் செலவை மட்டும் ஒப்பிடும் வழக்கமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் வடிவமைப்பு, விளம்பரம், வாரன்டி எல்லாவற்றையும் முதலில் விலையிலிருந்து கழித்துவிட்டு, மீதியை உற்பத்திக்கான இலக்காக வைக்க வேண்டும். இலக்கில் கழிக்காமல், செலவிலும் சேர்க்காமல் விட்டால் இந்தக் கணக்கில் 2,380 லட்சத்தில் உற்பத்திக்கான 1,710 போக மீதி 670 லட்சம் காணாமல் போகும்.

காற்றழுத்தம் #5

வாழ்நாள் செலவு என்றால் வாங்குகிறவர் பக்கக் கணக்கு அல்லவா? நான் ஆலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கம்ப்ரெசர் வாங்கும்போது வாங்கும் விலையை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, பத்து வருஷத்து மின்சாரம், ஃபில்டர், ஆயில், நின்றுபோகும் மணிநேரம் எல்லாவற்றையும்தான் போடுவோம். மின்சாரமே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இந்தக் கணக்கில் ரிப்பன், லேபிள் சுருள், பேட்டரி மாற்றுவது எதுவுமே இல்லையே. எப்படி இது வாழ்நாள் செலவாகும்?

சிவப்புமை #6

காற்றழுத்தம், பெயர் ஒன்று, கணக்கு இரண்டு. நீங்கள் சொல்வது ஒரு சொத்தை வாங்கி ஓட்டுகிறவர் போடுவது. இங்கே கேட்டிருப்பது ஒரு மாடலைப் பெற்று, வளர்த்து, அடக்கம் செய்யும் வரை தயாரிப்பாளருக்கு ஆகும் செலவு. ரிப்பன் செலவு வாங்குகிறவருடையது, அதனால் இதில் வராது.

ஆனால் உங்கள் கேள்வியை மறக்க மாட்டேன், யோசனைகளுக்கு வரும்போது அது தேவைப்படும். பின்வரிசை, அந்த நான்கையும் போடுங்கள்.

பின்வரிசை #7

நன்றி சார்! இப்போதுதான் மூச்சு வருகிறது. யோசனைகள் இவை.

க. பேட்டரியும் சார்ஜரும் புதிதாகச் செய்யாமல், ஏற்கெனவே விற்கும் மாடலில் உள்ளதையே போடுவது. ஒன்றுக்கு 140 மிச்சம்.

ங. மூன்று துண்டாக இருக்கும் உடலை ஒரே துண்டாக வார்ப்பது. மோல்டுக்கு 25 லட்சம் கூடும், பொருத்தும் வேலையில் ஒன்றுக்கு 110 குறையும்.

ச. மலிவான அச்சுத்தலை. ஒன்றுக்கு 180 மிச்சம். வாரன்டி காலத்தில் பழுதாவது நூற்றுக்கு 5லிருந்து 15 ஆகும். ஒரு தலையை மாற்றிக்கொடுக்க 1,300 ஆகும்.

ஞ. வண்ணத் திரைக்குப் பதில் கறுப்பு வெள்ளைத் திரை. ஒன்றுக்கு 220 மிச்சம். எல்லா ஆண்டும் விலையை 100 குறைக்க வேண்டியிருக்கும் என்கிறது விற்பனைப் பிரிவு.

மிச்சத்தை மட்டும் கூட்டினால் 650 வருகிறது. 520 தேவைக்கு 650. தாராளம்தானே?

சிவப்புமை #8

சார் இல்லை, அக்கா என்றால் போதும்.

அந்த 650இல் கிட்டத்தட்டப் பாதி புகை. முதல் யோசனை மட்டும் சுத்தம்: 140 பெருக்கல் 60,000, 84 லட்சம். இரண்டாவதில் 66 லட்சம் மிச்சம், மோல்டுக்கு 25 கூடுதல், கையில் நிற்பது 41. இந்த 110 மிச்சம் 60,000 விற்றால்தான் 41 லட்சம். மோல்டுக்காரருக்கு 25 லட்சம் முதலிலேயே போய்விடும். ஏறக்குறைய 22,700 கருவி விற்ற பிறகுதான் அந்தப் பணம் திரும்பும். முதல் ஆண்டு விற்பனையில் அது நடக்காது.

மூன்றாவதுதான் பரீட்சைக்காரர் வைத்த கண்ணி. பழுது நூற்றுக்குப் பத்து கூடுகிறது, ஒவ்வொன்றுக்கும் 1,300, ஆக ஒரு கருவிக்கு 130. உற்பத்தித் தாளில் 180 குறைந்தது, வாரன்டித் தாளில் 130 கூடியது. நிகரம் 50, மொத்தம் 30 லட்சம். பழுது கூடுவது பத்துக்குப் பதில் பதினான்காக இருந்தால் செலவு 182, மிச்சமே இல்லை.

நான்காவதை எல்லாரும் தவறாகப் போடுவார்கள். செலவு 132 லட்சம் குறைகிறது. விற்பனை 60 லட்சம் குறைகிறது. இடைவெளி 72 குறைந்தது என்று எழுதாதீர்கள். விற்பனை 60 குறைந்தால் அதில் 20 சதவீதம் லாபமாக எதிர்பார்த்ததும் குறைகிறது. அனுமதிச் செலவு 48 மட்டுமே இறங்கும். 132இல் 48 போக 84 லட்சம் இடைவெளி அடைபடுகிறது. லாபம் கூடுவது 72, இடைவெளி குறைவது 84. இரண்டும் வேறு வேறு எண். கேள்வி எதைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள்.

மலிவுத் தலையை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சேர்த்தால் 209. இடைவெளி 312இல் 103 லட்சம் மிச்சம் நிற்கும். ஒன்றுக்கு 172.

கொட்டேஷன் #9

கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு குரல். மலிவுத் தலையை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட்டீர்கள். 30 லட்சம் என்பது 30 லட்சம்தானே? எங்களை ஒவ்வொரு கூட்டத்திலும் "இன்னும் குறை, இன்னும் குறை" என்று நெருக்குவீர்கள். குறைத்துக் கொண்டுவந்தால் வாரன்டி என்பீர்கள். 15 என்ற எண்ணை யார் சொன்னது? பெரும்பாலும் தரப் பிரிவு பயத்தில் எழுதியதாக இருக்கும்.

சிவப்புமை #10

கணக்கில் கொடுத்திருக்கும் எண் அது, நிஜத்தில் நீங்கள் கேட்டதையேதான் நானும் கேட்பேன். அச்சுத்தலையின் ஆயுளை மாதத்தில் சொல்ல மாட்டார்கள், எத்தனை கிலோமீட்டர் லேபிள் அதன்மேல் உரசிப் போகும் என்றுதான் சொல்வார்கள். சூடான தலைமேல் தாள் உரசுகிறது, மேல்பூச்சு தேய்கிறது, ஒரு நாள் லேபிளில் வெள்ளைக் கோடு விழுகிறது.

ஒரு கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 1,000 லேபிள், ஒவ்வொன்றும் 5 செ.மீ. அது 50 மீட்டர். 300 வேலை நாளில் 15 கிலோமீட்டர். நல்ல தலை 30 கி.மீ. தாங்கும் என்றால் அங்கே இரண்டு வருஷம் ஓடும், வாரன்டி ஒரு வருஷம்தான், நமக்குக் கவலையில்லை. மலிவான தலை 15 கி.மீ. என்றால் சரியாக வாரன்டி முடிகிற வாரத்தில் கோடு விழும். நாளைக்கு 100 லேபிள் போடும் சிறு கடைக்கோ இரண்டு தலையும் ஒன்றுதான். ஆகவே 15 என்பது தலையின் குணம் மட்டும் இல்லை, யார் வாங்கப்போகிறார்கள் என்பதையும் பொறுத்தது. கிடங்குக்காரர்கள் கணித்ததைவிடச் சற்றே அதிகமாக வாங்கினால் கூடும் பழுது பத்திலிருந்து பதினான்கைத் தாண்டிவிடும்.

இங்கேதான் காற்றழுத்தம் சொன்னது வருகிறது. பதினான்காம் மாதத்தில் கோடு விழுந்தால் நம் புத்தகத்தில் செலவே இல்லை. வாங்கியவர் புத்தகத்தில் 1,300க்குக் குறையாத செலவு.

காற்றழுத்தம் #11

அதுதான்! நாங்கள் அதை ஞாபகம் வைத்திருப்போம். அடுத்த முறை ஐம்பது கருவி வாங்கும்போது அந்த பிராண்டுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடுவோம். இரண்டாம் ஆண்டு 25,000 விற்கும் என்று எழுதியிருக்கிறார்களே, முதல் ஆண்டு வாங்கியவர்கள் சொல்லும் சொல்லில்தானே அது இருக்கிறது?

வெயில்நேரம் #12

சரி, சராசரியில் சறுக்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கவனித்தேன். நான்காம் ஆண்டைத் தனியாகப் பாருங்கள். விற்பனை 160 லட்சம். உற்பத்தி 132.5, நிலைச்செலவு 30, வாரன்டி 7.5, மொத்தம் 170. பத்து லட்சம் நஷ்டம்! மூன்றாம் ஆண்டோடு நிறுத்திவிட்டால் என்ன? விற்பனை 2,425, அனுமதிச் செலவு 1,940, செலவு 2,210. இடைவெளி 312லிருந்து 270 ஆகிவிடுகிறது. வடிவமைப்பில் கையே வைக்காமல் 42 லட்சம் அடைபட்டது. யோசனைப் பட்டியலில் இது ஏன் இல்லை?

சிவப்புமை #13

இது நல்ல பார்வை, உண்மையாகவே சொல்கிறேன். ஒரு கருவிக்கான சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. ஆண்டுவாரியாகப் போட்டுப் பார்ப்பதன் பயனே இதுதான். அந்த 30 லட்சம் நிலைச்செலவு லைனை நிறுத்தினால் உண்மையிலேயே நிற்கும் என்றால், உங்கள் எண் சரி. மேலாளரின் சம்பளமும் கட்டட வாடகையும்தான் அந்த முப்பது என்றால், அது வேறு மாடலின் தலையில் போய் உட்காரும், நிறுவனத்துக்கு ஒரு காசும் மிச்சமில்லை.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். நீங்கள் நிறுத்துவது பழைய வடிவமைப்பில். மூன்று யோசனைகளையும் செய்த பிறகு நான்காம் ஆண்டு எப்படி இருக்கும்? பேட்டரியில் 7 லட்சம், உடலில் 5.5, திரையில் 11 மிச்சம், விலைக் குறைப்பில் 5 போகிறது. நிகரம் 18.5 கூடுகிறது. நஷ்டம் 10 இருந்தது லாபம் 8.5 ஆகிவிடும்.

```
                      4 ஆண்டு     3 ஆண்டு
விற்பனை               2,525       2,370
செலவு                 2,123       1,976.5
லாபம்                 402         393.5
லாப சதவீதம்           15.9        16.6
மீதி இடைவெளி          103         80.5
```

மூன்று ஆண்டோடு நிறுத்தினால் இடைவெளி குறைவாகத் தெரிகிறது, சதவீதமும் கூடுகிறது. ஆனால் கையில் வரும் பணம் 8.5 லட்சம் குறைவு. இலக்கைச் சதவீதமாக வைத்தால் இந்த விபத்து எப்போதும் உண்டு: லாபம் தரும் ஆனால் 20 சதவீதம் தராத ஆண்டை வெட்டினால் இலக்குக்கு நெருங்கியதாக ஒரு தோற்றம் கிடைக்கும்.

பின்வரிசை #14

அக்கா, அப்படியானால் விடைத்தாளில் எதை எழுதுவது? மீதி 103 லட்சம் அடைபடவே இல்லையே. "இலக்கைத் தாண்டினால் பொருளை வெளியிடக் கூடாது" என்று வகுப்பில் சொன்னார்கள்.

சிவப்புமை #15

அந்த விதி உண்மைதான், கறாராகப் பின்பற்றுகிற இடங்களும் உண்டு. இந்த முறை 1960களில் டொயோட்டாவில் உருவானபோது, ஜப்பானியத்தில் அதற்கு கென்கா கிகாகு என்று பெயர். கிகாகு என்றால் திட்டமிடுதல். வரைபடம் போடும் முன்பே, என்ன விலைக்கு விற்கும், எவ்வளவுக்குள் செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்குவது. விதி கறாராக இல்லாவிட்டால் இலக்கு வெறும் ஆசையாகிவிடும், ஒவ்வொரு துறையும் "எங்களால் முடிந்தது இவ்வளவுதான்" என்று கைவிரித்துவிடும்.

விடைத்தாளில் இப்படி எழுதுங்கள்: மூன்று யோசனைகளால் 209 லட்சம் அடைபடுகிறது, 103 மிச்சம், இந்த நிலையில் லாபம் 15.9 சதவீதம். மேலும் வடிவமைப்பில் தேட வேண்டும், முடியாவிட்டால் 20 சதவீத எதிர்பார்ப்பை நிர்வாகம் தெரிந்தே தளர்த்த வேண்டும். மூன்றாவது யோசனையைச் சேர்த்து 73 மிச்சம் என்று எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும், பழுது பற்றி ஒரு வரி சேர்த்தால்.

அப்புறம், நிஜத்தில் இந்த 103 எப்படி "அடைபடும்" என்று ஒரு கதை. பெயர் வேண்டாம், நான் முன்பு இருந்த ஓர் இடம். வெளியீட்டுக்கு முந்தைய கூட்டத்தில் இடைவெளி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்த கூட்டத்தில் பூஜ்யம். எப்படி என்று பார்த்தால், சோதனைக் கூடத்துச் செலவைப் புதிய பொருளின் தாளிலிருந்து எடுத்துப் பொதுச் செலவில் போட்டிருந்தார்கள். கூடத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை, அதே மெஷின், அதே மின்சாரம். தாள் மட்டும் சுத்தமாகிவிட்டது. அடுத்தடுத்த மூன்று பொருளுக்கும் இதையே செய்தார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி: எல்லாப் பொருளும் இலக்கைத் தொட்டுவிட்டதாகத் தாள் சொல்லும்போது, ஆலையின் மொத்தப் பொதுச் செலவு ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பது. நான் பார்த்தேன், ஏறிக்கொண்டிருந்தது. சொன்னேன், யாருக்கும் பிடிக்கவில்லை.

ஒருவரி #16

பணத்தின் கால மதிப்பை யாருமே தொடவில்லை. பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 12 சதவீதத்தில் தள்ளி இன்றைய மதிப்பாக்கிப் பாருங்கள்.

வெயில்நேரம் #17

பழைய வடிவமைப்புக்கே போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் 390 லட்சம் வெளியே. பிறகு 100, 355, 190 உள்ளே. நான்காம் ஆண்டு 10 நஷ்டமும் இறுதிச் செலவு 40ம் சேர்ந்து 50 வெளியே. சும்மா கூட்டினால் லாபம் 205. 12 சதவீதத்தில் தள்ளினால் 86 லட்சம்தான் வருகிறது. பாதிகூட இல்லை!

சிவப்புமை #18

எண் சரி. பின்வரிசையின் கேள்வியில் வட்டி விகிதம் கொடுக்கவில்லை, அதனால் விடைத்தாளில் வேண்டாம். ஆனால் ஒருவரி சொல்வது நியாயம். வாழ்நாள் கணக்கை எளிதாகக் கூட்டும்போது முதல் நாள் கொடுக்கும் 390உம் நான்கு வருஷம் கழித்துக் கொடுக்கும் 40உம் ஒரே தராசில் உட்கார்ந்துவிடுகின்றன. மோல்டுக்கு 25 கூடுதலாகக் கொடுக்கும் அந்த இரண்டாவது யோசனையைத் தள்ளிப் பார்த்தால் 41 வராது, 26 அளவில் நிற்கும். அப்போதும் செய்யத் தக்கதுதான்.

கொட்டேஷன் #19

எல்லாம் சரி, அந்த "விலையை 100 குறைக்க வேண்டும்" என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. அச்சுத்தலைக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கா? வண்ணத் திரை இல்லாவிட்டால் 100 குறைவாகத் தருவார்கள் என்று விற்பனைப் பிரிவுக்கு யார் சொன்னது? 200 குறைக்க வேண்டி வந்தால்?

பின்வரிசை #20

போட்டுப் பார்த்தேன் அண்ணே. 200 என்றால் விற்பனை 120 லட்சம் குறையும், அனுமதிச் செலவு 96 இறங்கும், 132இல் 96 போக 36 மட்டும் அடைபடும். லாபம் கூடுவது 12 லட்சம். சரியா?

சிவப்புமை #21

சரி. இனி உங்களுக்கு என் உதவி வேண்டியதில்லை. கொட்டேஷன் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு அம்சத்துக்கு வாங்குகிறவர் எவ்வளவு தருவார் என்பதை மாதிரிக் கருவியை இரண்டு விதமாகக் கையில் கொடுத்துக் கேட்பார்கள், போட்டி மாடல்களின் விலை வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். இரண்டும் வேறு வேறு எண் தரும். நான் பார்த்த கூட்டங்களில் கடைசியில் யார் குரல் உயர்ந்ததோ அவர் எண்தான் தாளில் ஏறியது.

காற்றழுத்தம் #22

கிடங்கில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், லேபிள் அடிக்கும்போது யாரும் திரையையே பார்ப்பதில்லை. கையுறையோடு பொத்தான் அழுந்துகிறதா என்பதுதான் கேள்வி. பொத்தானைப் பற்றி அந்த நான்கில் ஒன்றுமே இல்லையே?